"டை போடுறாங்க, சுகர் மாத்திரைய நிறுத்து"ன்னு சொன்னவங்க, திரும்ப எப்போ ஆரம்பிக்கணும்னு சொன்னாங்களா?

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் சுகர் மாத்திரை சாப்பிடுபவர் ஒருவர் இருந்தாலும் பொறுமையாகப் படியுங்கள். இல்லையென்றால் சேமித்து வையுங்கள், ஸ்கேன் எழுதிக் கொடுக்கும் அன்றைக்குத் தேவைப்படும்.

போன மாதம் ஒரு அம்மா வந்தாங்க. வயது 64. விக்கிரவாண்டி தாண்டி உள்ளே ஒரு கிராமம். காலில் கட்டைவிரல் பக்கத்தில் ஒரு புண், மூன்று வாரமாக ஆறவில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து யூரின் போறாங்க, தொண்டை வறண்டு போகுதாம், உடம்பு இளைச்சுப் போச்சாம். குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தால் 418.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?"

"மாத்திரையத்தான் நிறுத்தச் சொல்லிட்டாங்களே சார்."

யார் சொன்னது, எப்போ சொன்னது என்று மகளிடம் கேட்டேன். எட்டு வாரத்துக்கு முன்னால் வயிற்று வலிக்கு சி.டி. ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள், டை போட்டு எடுக்கும் ஸ்கேன். ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒருவர், "சுகர் மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும், நிறுத்திட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார். நிறுத்தினார்கள். ஸ்கேனில் பயப்படும்படி எதுவும் இல்லை. வலியும் போய்விட்டது. மாத்திரை மட்டும் திரும்ப ஆரம்பிக்கவில்லை.

ஏன் ஆரம்பிக்கவில்லை? யாரும் ஆரம்பிக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார் அந்த அம்மா. "நிறுத்தச் சொன்னதை நாமளா எப்படி சார் சாப்பிடுறது?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. டாக்டர் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்ட ஒரு பேஷன்ட் அவர். சொன்னது பாதிதான் என்பது அவருடைய தப்பா?

இந்த ஒரு கேஸ் என்றால் த்ரெட் எழுத மாட்டேன். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பிராக்டிஸ் பண்ணும் எந்த டாக்டரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார். "ஸ்கேனுக்காக நிறுத்தினது, அப்படியே விட்டுட்டோம்." மூன்று மாதம், ஆறு மாதம், சிலர் ஒரு வருஷம்.

என் கோபம் மெட்ஃபார்மினை நிறுத்துவதன் மேல் இல்லை. சிலருக்கு நிறுத்தத்தான் வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம். கோபம் எல்லாருக்கும் ஒரே வாய்ப்பாட்டைச் சொல்லி, அதையும் பாதியில் விட்டுவிடுவதன் மேல்தான்.

முதலில் ஏன் நிறுத்துகிறோம் என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால் எப்போது, யாருக்கு, எத்தனை நாள் என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

மெட்ஃபார்மினும் அந்த டையும் உடம்புக்குள் சந்தித்து சண்டை போடுவதில்லை. ரெண்டும் சேர்ந்து விஷமாக மாறுவதும் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் "சுகர் மாத்திரை + ஸ்கேன் மருந்து = கிட்னி காலி" என்பது தலைகீழான கதை. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் மாத்திரை இல்லைங்க. கிட்னி ஏற்கனவே கெட்டிருந்தால் வெளியே போக வழியில்லாமல் உடம்பில் தேங்கும் மாத்திரை. இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த மொத்த விஷயமும்.

நீங்கள் விழுங்கும் மெட்ஃபார்மினை கல்லீரல் உடைப்பதில்லை. எப்படி உள்ளே போச்சோ அதே உருவத்தில் சிறுநீரில் வெளியே வரும். கிட்னி நன்றாக இருப்பவருக்கு ரத்தத்தில் அதன் அளவு சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். உடம்பு உறிஞ்சியதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ஒரே நாளில் வெளியேறிவிடும்.

இந்த மாத்திரை செய்யும் முக்கியமான வேலை, கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதைக் குறைப்பது. கல்லீரல் சர்க்கரை தயாரிக்க எடுத்துக்கொள்ளும் மூலப்பொருட்களில் ஒன்று லாக்டேட். அதாவது, உடம்பு வேலை செய்யும்போது தசைகளில் உண்டாகும் ஒரு அமிலச் சரக்கு. கரும்பு ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள், முண்டியம்பாக்கத்துக்காரங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆலையில் அரவையைக் குறைத்தால் வாசலில் கரும்பு லோடு கொஞ்சம் நிற்கும். சாதாரண நாளில் அது ஒரு பிரச்சினையே இல்லை. மெட்ஃபார்மின் அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறி, கூடவே ரத்த ஓட்டமும் குறைந்து, கிட்னியும் படுத்துவிட்டால், லோடு ஹைவே வரைக்கும் நிற்கும். ரத்தம் அமிலமாகும். இதற்குப் பேர் லாக்டிக் அசிடோசிஸ்.

வந்துவிட்டால் பயங்கரமான விஷயம்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். வாந்தி, வயிற்று வலி, ஓடி வந்தவர் மாதிரி வேகமான ஆழமான மூச்சு, பிறகு மயக்கம். ரத்தத்தில் லாக்டேட் 5-க்கு மேலே, பி.ஹெச். 7.35-க்குக் கீழே. ஐ.சி.யூ., டயாலிசிஸ் என்று போகும். உயிர் போனவர்களும் உண்டு.

ஆனால் எவ்வளவு அபூர்வம் என்பதையும் சொல்லணும் இல்லையா? 2010-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பில் 347 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களின் கணக்கு எழுபதாயிரம் ஆள்-வருஷத்துக்கு மேல். அதில் ஒரு லாக்டிக் அசிடோசிஸ் கூட இல்லை. இந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. மெட்ஃபார்மினுக்கு ஃபென்ஃபார்மின் என்று ஒரு அண்ணன் இருந்தது. அது நிஜமாகவே இந்த அமிலப் பிரச்சினையை அடிக்கடி கொண்டுவந்தது, 1977-ல் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். அண்ணன் செய்த தப்புக்குத் தம்பி இன்னமும் கைகட்டி நிற்கிறான்.

சரி, டை எங்கே வருகிறது?

சி.டி. ஸ்கேனில் கை நரம்பு வழியாகப் போடும் மருந்து அயோடின் கலந்தது. பெரியவர்களுக்கு 80 முதல் 100 மில்லி வரை போகும். போடும்போது உடம்பு முழுக்க ஒரு சூடு பரவும், யூரின் போய்விட்டது போல இருக்கும், பயப்பட வேண்டாம். அதுவும் கிட்னி வழியாகத்தான் வெளியேறுகிறது. ஏற்கனவே பலவீனமான கிட்னி என்றால் இந்த டைக்குப் பிறகு ரெண்டு மூன்று நாளில் கொஞ்சம் தடுமாறலாம். அப்படித் தடுமாறும் நேரத்தில் மெட்ஃபார்மினையும் தொடர்ந்து சாப்பிட்டால் அது தேங்கும். இதுதான் மொத்தப் பயம். முதலில் டை, அதனால் கிட்னி பாதிப்பு, அதனால் மெட்ஃபார்மின் தேக்கம், அதனால் அமிலம். நாலு படி. முதல் படிக்கட்டிலேயே கிட்னி தடுமாறவில்லை என்றால் அடுத்த மூன்றுக்கு வேலையே இல்லை.

இப்போது ஒரு கேள்வி. கிட்னி தடுமாறினால் அது ஸ்கேனுக்கு முன்னாலா, பின்னாலா?

பின்னால்தானே! அப்படியென்றால் "ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திட்டு வா" என்பது எந்த ஊர் நியாயம்? 48 மணி நேரம் என்ற கணக்கு ஸ்கேன் முடிந்த பிறகு ஆரம்பிப்பது. கிட்னிக்கு அடி விழுந்திருந்தால் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏற ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், அதைக் காத்திருந்து பார்ப்பதற்குத்தான் அந்த 48 மணி நேரம். மாத்திரையுடன் வரும் குறிப்பும் ஸ்கேன் நேரத்தில் அல்லது அதற்கு முன் நிறுத்து என்றுதான் சொல்கிறது, ரெண்டு நாள் முன்பே என்று கட்டாயப்படுத்தவில்லை. எங்கேயோ ஒரு இடத்தில் யாரோ முன்னாடி, பின்னாடியை மாற்றிப் படித்திருக்கிறார்கள், அது வாய் வழியாகப் பரவி சட்டமாகிவிட்டது.

இதன் விளைவு என்ன தெரியுமா? செஞ்சியில் இருந்தோ மரக்காணத்தில் இருந்தோ விடிகாலை பஸ் பிடித்து, வெறும் வயிற்றோடு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார் ஒருவர். "காலைல மெட்ஃபார்மின் சாப்பிட்டீங்களா? அப்போ இன்னைக்கு எடுக்க முடியாது, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். கிட்னி ரிப்போர்ட் நார்மல். ஸ்கேன் எடுத்துவிட்டு, தேவையென்றால் ராத்திரி டோஸில் இருந்து நிறுத்தினால் போதும். திருப்பி அனுப்ப ஒரு மருத்துவக் காரணமும் இல்லை. அவர் ரெண்டு நாளில் வரவும் மாட்டார், ரெண்டு வாரம் கழித்து வருவார். உள்ளே இருப்பது கேன்சர் கட்டி என்றால் அந்த ரெண்டு வாரம் யார் கணக்கில்?

விபத்து, பக்கவாதம், நெஞ்சு வலி மாதிரி அவசரத்தில் சொல்லவே வேண்டாம். மெட்ஃபார்மினுக்காக ஒரு நிமிஷம் கூட ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. சென்னை - திருச்சி ஹைவேயில் அடிபட்டு முண்டியம்பாக்கம் அரசு மெடிக்கல் காலேஜுக்கு வருபவரிடம் "காலைல என்ன மாத்திரை சாப்பிட்டீங்க" என்று கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? ஸ்கேன் முதலில், மாத்திரையைப் பற்றிய முடிவு பிறகு.

யாருக்கு நிறுத்தணும்? இதற்கு ஒரே ஒரு எண் தேவை. உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியேட்டினின் பக்கத்திலோ கீழேயோ இ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு எண் இருக்கும். கிட்னி ஒரு நிமிஷத்தில் எவ்வளவு ரத்தத்தை வடிகட்டுகிறது என்பதன் தோராயக் கணக்கு. லேபில் அதைப் போடவில்லை என்றால் வயது, ஆணா பெண்ணா, கிரியேட்டினின் மூன்றையும் வைத்து டாக்டர் அரை நிமிஷத்தில் போனில் கணக்குப் போட்டுவிடுவார். கேளுங்கள். கிரியேட்டினினை மட்டும் பார்த்து முடிவு சொல்வது ஏமாற்றும். அதே 1.1, முப்பது வயது ஆணுக்கு ஒரு அர்த்தம், அறுபத்து நாலு வயது அம்மாவுக்கு வேறு அர்த்தம்.

இ.ஜி.எஃப்.ஆர். 30 அல்லது அதற்கு மேல், திடீர்க் கிட்னி பாதிப்பு எதுவும் இல்லை, டை கை நரம்பு வழியாகத்தான் போகிறது என்றால், மெட்ஃபார்மினை நிறுத்தவே தேவையில்லை. முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம், ஸ்கேனுக்குப் பிறகு இதற்காகக் கிரியேட்டினின் பார்க்கவும் வேண்டாம். இது நான் சொல்வது இல்லை. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது, ஐரோப்பிய ரேடியாலஜிக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கடந்த பத்துப் பதினைந்து வருஷ ஆய்வுகளில், முன்பு நினைத்த அளவுக்கு இந்த டை கிட்னியைக் கெடுப்பதில்லை என்று தெரிந்துவிட்டது. 2020-ல் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியும் அங்குள்ள தேசிய கிட்னி அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையே அந்தப் பயம் மிகைப்படுத்தப்பட்டது என்றுதான் சொன்னது.

30-க்குக் கீழே என்றால் நிறுத்து. கிட்னி திடீரெனப் படுத்திருக்கும் நிலைமை என்றால் நிறுத்து. டையை ரத்தக் குழாய்க்குள் குழாய் விட்டு, கிட்னிக்கு நேராகப் போகும்படி தமனி வழியாகச் செலுத்தும் பரிசோதனைகள் என்றால் நிறுத்து. இதயத்துக்கு ஆஞ்சியோ செய்பவர்களிடம் விதி கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், பெரும்பாலும் அன்றைக்கு நிறுத்தச் சொல்வார்கள். அது நியாயம்தான், அதோடு வாதாடாதீர்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருப்பவர் மெட்ஃபார்மினே சாப்பிடக் கூடாதவர். ஸ்கேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடாது. ஆக, கட்டாயம் நிறுத்த வேண்டியவர்களில் பெரும் பகுதி ஏற்கனவே அந்த மாத்திரையில் இருக்கவே கூடாது. ஸ்கேனுக்காக ரத்தம் பார்த்தபோதுதான் அது தெரிய வருகிறது என்றால், அவருக்கு அது "ரெண்டு நாள் நிறுத்தம்" இல்லை. சுகர் மருந்தையே மாற்றி எழுத வேண்டிய நாள்.

நடுவில் ஒரு சாம்பல் பகுதி உண்டு, மறைக்க மாட்டேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் திருத்திய குறிப்பு இன்னும் கறாரானது. இ.ஜி.எஃப்.ஆர். 30-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தாலோ, கல்லீரல் நோய், குடிப்பழக்கம், இதயம் பலவீனமாகி நீர் கோர்ப்பது ஆகியவை இருந்தாலோ, டை தமனி வழியாகப் போனாலோ, ஸ்கேன் நேரத்தில் நிறுத்தி 48 மணி நேரம் கழித்துக் கிட்னியைப் பார்த்துவிட்டு ஆரம்பி என்கிறது. ரேடியாலஜி வழிகாட்டி ஒன்று சொல்கிறது, மாத்திரைப் பெட்டியில் இருக்கும் தாள் வேறொன்று சொல்கிறது. உங்கள் டாக்டர் ரெண்டாவதைப் பின்பற்றினால் அது தப்பில்லை. குறிப்பாக 30-45 என்றால் நானே அப்படித்தான் செய்வேன், அந்த வரம்பில் மெட்ஃபார்மின் டோஸையே நாள் ஒன்றுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகவிட மாட்டோம். ரெண்டில் எந்த விதியை எடுத்தாலும் ஒரு விஷயத்தில் மாற்றமில்லை. கிட்னி நிலையாக இருந்தால் மூன்றாவது நாள் மாத்திரை திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது அந்த அம்மாவுக்கு வருவோம். ஸ்கேனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள் மகளின் மஞ்சப் பையிலேயே இருந்தது. கிரியேட்டினின் 1.1. வயது 64, பெண் என்று கணக்குப் போட்டால் இ.ஜி.எஃப்.ஆர். 56 வருகிறது. வாந்தி பேதி இல்லை, காய்ச்சல் இல்லை, இதய நோய் இல்லை. கை நரம்பு வழியாக டை. ரேடியாலஜி வழிகாட்டியின்படி ஒரு வேளை கூட நிறுத்தியிருக்கத் தேவையில்லை. கறாரான குறிப்பின்படி போனால்? செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கேன். அன்று ராத்திரி டோஸ், புதன் ரெண்டு டோஸ், வியாழன் காலை டோஸ் என்று நாலு மாத்திரைகளை விட்டிருக்கலாம். வியாழன் பத்து மணிக்கு மேல் ஒரு கிரியேட்டினின். 1.1 இருந்தது 1.2 ஆகியிருந்தால் அது பாதிப்பே இல்லை, அன்று ராத்திரி சாப்பாட்டோடு மாத்திரை ஆரம்பம். 1.4 அல்லது அதற்கு மேல், அதாவது 0.3 ஏறியிருந்தால் அதைக் கிட்னிக்கு விழுந்த அடி என்று எடுத்துக்கொள்வோம். அப்போது ஆரம்பிக்காமல், ரெண்டு மூன்று நாளில் திரும்ப ரத்தம் பார்த்து, பழைய இடத்துக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கணும்.

நாலு மாத்திரைங்க. நாலு மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது எட்டு வாரம் ஆனது. ஆறு மாதத்துக்கு முன் 7.4 இருந்த மூன்று மாத சராசரி, எச்.பி.ஏ.1.சி., இப்போது 9.8. காலில் ஒரு புண்.

அதைவிடக் கொடுமை, அவர் மெட்ஃபார்மினை மட்டும் நிறுத்தவில்லை. கூடவே இருந்த கிளிமிப்ரைடையும் நிறுத்திவிட்டார். "சுகர் மாத்திரையை நிறுத்து" என்றால் எல்லாச் சுகர் மாத்திரையும்தானே? டைக்கும் கிளிமிப்ரைடுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இன்சுலினையும் கூட நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன், அது நேராக ஆபத்து. ஒரே ஒரு கவனம்தான் வேண்டும். ஸ்கேனுக்காகக் காலையில் வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னால், கிளிமிப்ரைடையோ காலை இன்சுலினையோ வழக்கம்போல் போட்டுவிட்டு பட்டினியாக உட்காரக் கூடாது, சுகர் இறங்கி மயக்கம் வரும். அந்த வேளை டோஸை எப்போது, எவ்வளவு என்று ஸ்கேன் எழுதிய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேன் முடிந்து இட்லி சாப்பிடும்போது மாத்திரை, பெரும்பாலும் அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான ஆளும் உண்டு. தனியாரில் மருந்து வாங்குபவர்களில் பலர் மெட்ஃபார்மின் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஏனென்றால் அவர்கள் சாப்பிடுவது கூட்டு மாத்திரை. கிளிமிப்ரைடோடு மெட்ஃபார்மின், வில்டாகிளிப்டினோடு மெட்ஃபார்மின், சிட்டாகிளிப்டினோடு மெட்ஃபார்மின். அட்டையின் முன்பக்கம் கம்பெனி வைத்த பெயர் பெரிசாக இருக்கும், மெட்ஃபார்மின் பின்னால் எறும்பு எழுத்தில் இருக்கும். "மெட்ஃபார்மின் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்பார், கையில் வைத்திருப்பதே அதுதான். அதனால் ஸ்கேனுக்குப் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், பெயர் சொல்லிப் பயனில்லை. கூட்டு மாத்திரையை நிறுத்தினால் அதிலிருக்கும் இன்னொரு மருந்தும் நின்றுவிடும் என்பதையும் எழுதுபவர் யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில் சில டாக்டர் நண்பர்களே வந்து "எல்லாருக்கும் நிறுத்தினா என்ன நஷ்டம்? சேஃப்டிதானே?" என்பார்கள். கேட்டவர்களுக்கு என் பதில் இது. நீங்கள் நிறுத்துவது ரெண்டு நாளுக்கு என்று நினைக்கிறீர்கள். உங்கள் பேஷன்ட் வீட்டில் அது எத்தனை நாள் என்று போய்ப் பார்த்திருக்கிறீர்களா? வாயால் சொன்ன "நிறுத்து" நிற்கிறது, வாயால் கூடச் சொல்லாத "ஆரம்பி" எப்படி நடக்கும்? நம் சேஃப்டிக்காக நிறுத்துகிறோமா, அவர் சேஃப்டிக்காகவா?

நிஜமாகவே பயப்பட வேண்டிய ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 58 வயது ஆண், மூன்று நாளாக வாந்தி பேதி, ஒன்றும் சாப்பிடவில்லை, யூரின் குறைந்துவிட்டது. உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டிருக்கிறார். ஆனால் சுகர் மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிட்டிருக்கிறார், "சுகர் மாத்திரைய ஒரு நாளும் விடக்கூடாது"ன்னு சொல்லியிருக்காங்களே! கிரியேட்டினின் 2.8. கணக்குப் போட்டால் இ.ஜி.எஃப்.ஆர். 25 என்று வரும், கிட்னி இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும் நேரத்தில் நிஜம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். இவருக்கு ஸ்கேனே இல்லை, டையே இல்லை. ஆனாலும் மெட்ஃபார்மினை வாந்தி பேதி ஆரம்பித்த அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். ரத்தம் அமிலமாகி வருபவர்களில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த மாதிரி ஆட்களைத்தான். டை போட்டு நிறுத்தத் தேவையில்லாதவருக்கு நிறுத்துகிறோம், நிறுத்தியே ஆக வேண்டியவருக்குச் சொல்லாமல் விடுகிறோம்.

இவருக்குத் திரும்ப எப்போது? 48 மணி நேரக் கணக்கு இவருக்குப் பொருந்தாது. வாந்தி நின்று, வழக்கம்போல் சாப்பிட ஆரம்பித்து, யூரின் நன்றாகப் போய், கிரியேட்டினின் இறங்கிப் பழைய அளவுக்கு வந்து ஒரு நிலையில் நின்ற பிறகு. அது அஞ்சு நாளாகலாம், மூன்று வாரமாகலாம். அதுவரைக்கும் சுகருக்கு இன்சுலின் மாதிரி வேறு வழி டாக்டர் பார்ப்பார்.

நிறுத்தச் சொன்னால் அந்த ரெண்டு நாள் என்ன ஆகும் என்று பயப்படாதீர்கள். சுகர் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ரெண்டு நாளில் கண்ணும் போகாது, காலும் போகாது. தண்ணீர் வழக்கம்போலக் குடியுங்கள், இதய நோய்க்கோ கிட்னிக்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவிலேயே இருங்கள். அந்த ரெண்டு நாளில் வலி ஊசி, டைக்ளோஃபினாக் மாத்திரை எல்லாம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், கிட்னியைக் கெடுப்பதில் அந்த டையைவிட அது கில்லாடி.

எல்லா ஸ்கேனுக்கும் இந்தப் பேச்சு கிடையாது. எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் என்று நாம் சொல்லும் அல்ட்ராசவுண்டு, எக்கோ, டை இல்லாத சி.டி. எதற்கும் மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டாம். எம்.ஆர்.ஐ.-க்குப் போடும் மருந்து அயோடின் இல்லை, கேடோலினியம், அதற்காகவும் மெட்ஃபார்மினை நிறுத்தத் தேவையில்லை. பெட் ஸ்கேனுக்கு மட்டும் சில இடங்களில் ரெண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அங்கே காரணமே வேறு. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களின் குடல் அந்த ஸ்கேன் மருந்தை அதிகமாக இழுத்துக்கொண்டு பளிச்சென்று தெரியும், அதற்குப் பின்னால் இருக்கும் கட்டி மறைந்துபோகும். கிட்னிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன்னாடி ரெண்டு நாள் என்ற குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்கொரு சந்தேகம்.

நான் கேட்பது பெரிசா ஒன்றும் இல்லை. ஸ்கேன் எழுதும் சீட்டில் கையெழுத்துக்கு மேலே இடம் இருக்கிறது. நிறுத்த வேண்டாம் என்றால் "மெட்ஃபார்மின் தொடரவும்" என்று எழுதுங்கள். நிறுத்த வேண்டும் என்றால் எந்த மாத்திரை, எந்த வேளையில் இருந்து, எந்தத் தேதி ரத்தம் பார்க்கணும், எந்தத் தேதி ஆரம்பிக்கணும் என்று எழுதுங்கள். தமிழில். எழுதாமல் "நிறுத்திடுங்க" என்று வாயால் சொல்பவரிடம், அவர் டாக்டரோ, டெக்னீஷியனோ, கவுன்டரில் இருப்பவரோ, நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: "சரிங்க, என்னோட இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு? எந்தத் தேதியில திரும்ப ஆரம்பிக்கணும்? இந்தச் சீட்டுலயே எழுதிக் குடுங்க." கேட்டால் கோபித்துக்கொள்வார்களா? கொள்ளட்டும். ரெண்டு பேர் கோபித்துக்கொண்டால் மூன்றாவது ஆள் எழுதிக் கொடுப்பார்.

ஏற்கனவே இப்படி நிறுத்தி மாதக்கணக்கில் விட்டவர் வீட்டில் இருந்தால், இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே பழைய டோஸை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு கிரியேட்டினின், ஒரு சுகர், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். ரெண்டு மூன்று நாள் விட்டவர் பழைய டோஸிலேயே ஆரம்பிக்கலாம். மாதக்கணக்கில் விட்டவருக்குக் குடல் மறந்திருக்கும், முழு டோஸ் போட்டால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வந்து "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்று மறுபடி நிறுத்திவிடுவார்.

அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தேன். கிரியேட்டினின் திரும்பப் பார்த்தேன், 1.0. யூரினில் கீட்டோன் இல்லை. புண்ணுக்குச் சுத்தம் செய்து கட்டு, சுகர் இறங்கும் வரை கொஞ்ச நாள் இன்சுலின். மெட்ஃபார்மின் 500 ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ஒரு வாரம் கழித்து ரெண்டு வேளை. கிளிமிப்ரைடை இன்சுலினைக் குறைக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். சீட்டை மகளிடம் கொடுக்கும்போது அந்த அம்மா கேட்டார்: "அடுத்த வாட்டி ஸ்கேன் எடுத்தா நிறுத்தணுமா சார்?"

சீட்டைத் திரும்ப வாங்கி, பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: "கை நரம்பில் டை போட்டு சி.டி. எடுத்தாலும் மெட்ஃபார்மின் நிறுத்த வேண்டாம். இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே இறங்கியிருந்தாலோ, வாந்தி பேதி இருந்தாலோ, ஆஞ்சியோ என்றாலோ, முதலில் எனக்கு போன் பண்ணவும்."